வான்டட் அண்ணன்

கோயம்புத்தூர் குறிச்சி சிட்கோவில் கேட்டுக்குக் கேட்டு ஒரு போர்டு தொங்கும். டர்னர் தேவை, ஃபிட்டர் தேவை, சிஎன்சி ஆபரேட்டர் தேவை, தங்குமிடம் உண்டு. வேலை தேடி வருகிறவர்களே அதை ஓரக்கண்ணால்தான் பார்ப்பார்கள். பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, பரீட்சை ரிசல்ட் மாதிரி ஒருவர் அதைப் படித்துக்கொண்டிருந்தால் அவர்தான் வான்டட் அண்ணன். அவருக்கு வேலை இல்லாமல் இல்லை. ஸ்டாக் கணக்கு மென்பொருளும் பார்கோடு பிரிண்டரும் விற்கிறார்.

இந்த ரகத்து ஆட்கள் தொழில் ஊர்கள் எல்லாவற்றிலும் உண்டு. மற்ற விற்பனைக்காரர்கள் "சும்மா இந்தப் பக்கம் வந்தேன் சார்" என்று முதல் வரியையே பொய்யில் தொடங்குவார்கள். அண்ணனுக்கு அது ஆகாது. முன்பின் தெரியாதவரைக் கூப்பிட ஒரு காரணம் வேண்டும். அதை அந்த ஆளே எழுதி வெளியே மாட்டியிருக்க வேண்டும். காலையில் காபிக்கு முன்பே நௌக்ரியைத் திறந்துவிடுவார். "வேற கம்பெனிக்குப் போறீங்களா?" என்று அண்ணி கேட்பதை நிறுத்திப் பல வருஷமாகிறது.

போன மாதம் ஒரு பம்ப்செட் கம்பெனியின் விளம்பரம் சிக்கியது. 'ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட், 2 பேர். எக்செல் தெரிந்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்க இரவு தங்க வேண்டும். பர்ச்சேஸ் மேனேஜரின் கீழ் வேலை.' நமக்கு இது சாதாரண விளம்பரம். அண்ணன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"எக்செல்னு போட்டிருக்காங்க. அப்ப ஸ்டாக் கணக்கு இன்னும் ஷீட்லதான் ஓடுது. ராத்திரி தங்கணும்னா கணக்குல இருக்கற இம்பெல்லர் ரேக்குல இல்லை, ரேக்குல இருக்கறது கணக்குல இல்லை. பேசவேண்டியது எச்ஆர்கிட்ட இல்லைங்க, பர்ச்சேஸ் மேனேஜர்கிட்ட. அதையும் அவங்களே சொல்லிட்டாங்க."

ஆனால் இதெல்லாம் ஊகம் என்பது அவருக்குத் தெரியும். விளம்பரத்தில் இருப்பதை மட்டும் சொல்வார். ஊகித்ததைக் கேள்வியாகத்தான் கேட்பார். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் இது:

"வணக்கம் சார். ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு நீங்கள் கொடுத்த விளம்பரம் பார்த்தேன். நான் விண்ணப்பதாரர் இல்லை. ஸ்டாக் மென்பொருள் விற்கிறேன். மாதக் கடைசி ஸ்டாக் எடுப்பு இப்போது எக்செல்லில்தான் நடக்கிறதா? ஆமாம் என்றால், புது ஆட்கள் சேருவதற்கு முன் ஒரு ரேக்கில் மட்டும் பார்கோடு ஒட்டிக் காட்டுகிறேன்."

'விண்ணப்பதாரர் இல்லை' என்ற வரி அனுபவத்தில் முளைத்தது. அதைப் போடாத காலத்தில் "பயோடேட்டா அனுப்புங்க" என்றுதான் பதில் வரும்.

எல்லா விளம்பரத்தையும் அவர் தொடுவதில்லை. வாட்ச்மேன் தேவை என்றால் தாண்டிப் போய்விடுவார். அதற்கும் பார்கோடுக்கும் முடிச்சுப் போட்டால் அதுவும் பொய்தானே என்பார். 'எங்கள் கிளையன்ட் நிறுவனத்துக்கு' என்று கன்சல்டன்சிக்காரர்கள் போடுவதில் கம்பெனிப் பெயரே இருக்காது. மாதக்கணக்கில் கிடக்கும் விளம்பரத்துக்கு முதலில் கேட்டில் விசாரிப்பார். ஆள் எப்போதோ வந்திருப்பான், எடுக்க மறந்திருப்பார்கள். ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே ஆள் தங்குவதில்லை என்று அர்த்தம். அதை மனதுக்குள் வைத்துக்கொள்வார். வாயைத் திறந்து சொன்னால் எந்த மேனேஜர் டீ கொடுப்பார்?

பம்ப்செட் மேனேஜர் மறுநாளே கூப்பிட்டார், கொஞ்சம் சூடாக.

"ஏனுங்க, ரெண்டு ஆளுக்கு முதலாளிகிட்ட அப்ரூவல் வாங்கவே ஆறு மாசம் ஆச்சு. உங்க சாஃப்ட்வேரைப் பார்த்தா ஒரு ஆள் போதும்னு சொல்லிருவாரு. எம்பட பொழப்புல மண்ணள்ளிப் போட வந்தீங்களா?"

இந்த முறையில் இருக்கிற பள்ளம் இதுதான். ஆள் கேட்டு நிற்பவரிடம் ஆளைக் குறைக்கிற சரக்கை நீட்டினால் அவர் எதிரியாகிவிடுவார். வேறொருவராக இருந்தால் 'செலவு மிச்சம்' என்று முதலாளியிடம் தாவியிருப்பார். அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "ரெண்டு ஆளும் வேணுங்க. சரக்கு இறக்கறதும் லேபிள் ஒட்டறதும் யாரு பண்ணுவா? வர்ற பசங்களுக்கு எப்படியும் வேலை பழக்கணும். எக்செல்ல பழக்கிட்டு அப்புறம் மாத்தறதுக்கு, முதல் நாள்ல இருந்தே ஸ்கேனர்ல பழக்கலாம்னுதான் சொன்னேன்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மேனேஜர், "ஆள் வந்தாத்தானுங்க பழக்கறது? நல்ல பையன் யாராச்சும் இருந்தா சொல்லுங்க, அப்புறம் உங்க மெஷினைப் பார்க்கலாம்" என்றார்.

அப்புறம்தான் எனக்குப் போன் வந்தது. உங்க தெருவில் எக்செல் தெரிந்த பையன் யாராவது சும்மா இருக்கிறானா என்று கேட்கிறார் அண்ணன். பக்கத்து வீட்டுப் பையனிடம் போனைக் கொடுத்துப் பேசச் சொன்னேன். சம்பளம் எவ்வளவு என்று அண்ணனுக்குத் தெரியாதாம். மாதக் கடைசியில் ராத்திரி தங்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் முதல் வரியிலேயே சொல்லிவிட்டார்.