முறுக்கிப் பார்ப்பவர்

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில் பேரம் பேச வழியில்லை. அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறார்கள். பேரத்திலேயே பழகிய வாயை அடக்கிவிடலாம். கையை அடக்க முடியுமா? அப்படி உருவானவர்தான் முறுக்கிப் பார்ப்பவர்.

விடியும்போதே மஞ்சள் பையோடு வந்துவிடுவார். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அவர் கையெழுத்துக்குக் காத்திருப்பது முருங்கைக்காய் மட்டும்தான். ஒன்றை எடுத்து, இரு முனைகளையும் பிடித்து, ஈரத்துண்டைப் பிழிவதுபோல் முறுக்குவார். இளங்காய் கொஞ்சம் திரும்பிக் கொடுக்கும். முற்றியது விறைத்துக்கொண்டு நிற்கும், விதைகளும் வெளியே புடைத்துத் தெரியும். ரொம்ப ஒல்லியாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவார். அதில் சதையே இருக்காது, சாம்பாரில் தோல்தான் மிஞ்சும். இதுவரை அவர் சொல்வதெல்லாம் சரிதான்.

"ஏன் சார், அது உங்கள என்ன செஞ்சுச்சு?" என்பார் கடைக்கார அக்கா.

ஒருநாள் நன்றாக வளைந்த காய்களாகப் பார்த்து அள்ளிப் போனார். வீட்டில் மென்று மென்று தாடை வலித்ததுதான் மிச்சம். மறுநாள் பஞ்சாயத்துக்கு வந்தார்.

"வாடிப்போனா கிழட்டுக் காயும் வளையும் சார். பறிச்சு ரெண்டு நாளானது, அதான் ஓரமா வச்சிருந்தேன். நீங்க எங்க கேட்டீங்க? முறுக்குறதுலயே இருந்தீங்க."

அக்கா புதுக்காய் ஒன்றை எடுத்து நகத்தால் லேசாகக் கீறினார். உள்ளே பளிச்சென்று ஈரப்பச்சை. காம்பு வெட்டிய இடமும் காயவில்லை. நேற்றைய காயில் இரண்டு இடமும் வறண்டு கிடந்தன. அவர் தலையாட்டினார், ஒப்புக்கொள்ளவில்லை.

வாழைத்தண்டுப் பக்கம் நகர்ந்தார். வெட்டுவாய் பழுப்பேறியிருப்பதைக் கண்டதும், "முத்தல்!" என்று தீர்ப்பு. வெட்டிய முகத்தில் காற்றுப் பட்டால் எந்தத் தண்டும் கறுக்கும். அது வெட்டிய நேரத்தைச் சொல்லுமே தவிர வயதைச் சொல்லாது. அக்கா மேலாக ஒரு வில்லை சீவித் தள்ள, அடியில் வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்த வில்லையை உடைத்து மெல்ல இழுத்தார். நூல் கொஞ்சமாக, மெல்லிசாக வந்தது. தடிமனான முத்தல் தண்டாக இருந்தால் நார் விரலைச் சுற்றி வரும், வெட்டுகிற கத்தியோடும் மல்லுக்கட்டும்.

வாழைப்பூவில் அவருக்கு அவ்வளவு சிரமம் இல்லை. மடல் இறுக மூடி, கையில் கனமாக இருந்தால் போதும். ஆனாலும் ஒரு மடலைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்ப்பார். பூக்கள் வெளுப்பாக இருந்தால் திருப்தி, நுனி கறுத்திருந்தால் அடுத்த பூ. இப்படி நாலு பூவைத் திறந்து வைத்துவிட்டுப் போனால், பின்னால் வருகிறவர்கள் அந்த நாலையும் தொடமாட்டார்கள்.

அக்காவின் பொறுமை தீர்ந்த இடம் வெண்டைக்காய். கால் கிலோ வாங்க வந்தவர், நுனியை ஒடித்து ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டென்று ஒடிந்தது பைக்கு, ஒடிய மறுத்தது குவியலுக்கு என்று வேலை சுறுசுறுப்பாக நடந்தது. பை நிறைந்த பிறகுதான் கால் கிலோ போதும் என்று நினைவு வந்து, மீதியைத் திருப்பிக் கொட்டப் போனார்.

"நுனி போனதெல்லாம் சாரோடது" என்று அக்கா பையை வாங்கி அப்படியே தராசில் வைத்தார். ஒன்றரைக் கிலோ.

அந்த வாரம் அவர் வீட்டில் பொரியலும் வெண்டை, புளிக்குழம்பும் வெண்டை, மோர்க்குழம்பும் வெண்டை.