சம்பளம் பெறும் கடமை

தோட்டக் கூட்டு ஒப்பந்தத்தின் சட்ட நடையைக் குறை சொல்பவர் நன்றிகெட்டவர். 2013இல் ஒப்புக்கொண்ட நாட்சம்பளம் 620 ரூபாய்: அடிப்படை 450, விலைப்பங்கு 30, வருகைக்கு 140. அந்த 140க்குப் பின்னால்தான் 'புரொவைடட் தட்' பாணியில் ஒரு நிபந்தனை வந்தது. வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்திருக்க வேண்டுமாம்.

பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாதம் 24 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். 18 பேர் விழுந்த அக்காவுக்கு 140 உண்டு. காய்ச்சலில் படுத்து 17 பேரோடு நின்ற அக்காவுக்கு, வந்த 17 நாளுக்குமே கிடையாது. 2,380 ரூபாய் போச்சு. வாக்கியத்தின் முன்பாதி கொடுத்ததைப் பின்பாதி வாங்கிக்கொள்கிறது. நிபந்தனை வாசகத்தின் வேலையே அதுதானே!

இலக்கணமும் சுத்தம். ஒருவர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் சட்ட ஆங்கிலத்தின் 'ஷல்' மாறாது.

'ஷல்' சரியா என்று பார்க்கச் சட்டவரைஞர்களிடம் ஒரு சோதனை உண்டு: அந்த இடத்தில் 'கடமைப்பட்டவர்' என்று போட்டு வாசிப்பது. இத்தகைய வாசகங்களின் வழக்கமான தொடக்கம், 'தொழிலாளி ஷல் பி பெய்ட்'. போட்டுப் பார்த்தால், சம்பளம் கொடுக்கப்படத் தொழிலாளி கடமைப்பட்டவர் என்று வருகிறது. கொடுக்கவேண்டிய கம்பனி வாக்கியத்திலேயே இல்லை.

ஆகவே 140ஐப் பெறத் தவறிய அக்கா ஒப்பந்தத்தை மீறிவிட்டார். நாளைக் காலை பிரட்டுக்களத்தில் விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் கொடுப்பதே முறை. பதிலை ஆங்கிலத்தில் எழுதினால் போதும்.