வியாழன், ஈஸ்ட், லெஃப்ட்

குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் நீட்டி முழக்கி எழுதும் சித்தப்பாக்களைக் கேலி செய்வது இப்போது ஒரு குடிசைத் தொழிலாகிவிட்டது. ‘நிகழும் விசுவாவசு வருஷம் ஆவணி 19 வியாழக்கிழமை’ என்று அவர் ஆரம்பித்தால், ‘தேதியை மட்டும் போடுங்க சித்தப்பா’ என்று நாலு பேர் பாய்கிறார்கள். அந்தச் சித்தப்பாவுக்கு வக்காலத்து வாங்கத்தான் இந்தக் கட்டுரை. குழுவில் நடந்த பேச்சை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இன்னொருவர் அதை அரைகுறையாக வெட்டி, மூன்றாமவர் நமக்குத் தட்டிவிட, அதிலிருந்து நாள், நேரம், விலாசம் மூன்றையும் பொறுக்கி எடுத்து போன் காலண்டரில் ஏற்ற வேண்டிய நிலை தாம்பரம் பக்கம் யாருக்கும் வரும். அப்போது கைகொடுப்பது சுருக்கமாக எழுதியவர் அல்ல, ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொன்ன வளவளப்புக்காரர்தான்.

பேச்சுக்கு ஒரு கிரகப்பிரவேசத்தை வைத்துக்கொள்வோம். வீட்டுக்கடனைக் கட்டுகிற மாப்பிள்ளை நியூ ஜெர்சியில் இருக்கிறார். 2025 ஆகஸ்ட் நடுவில் அவர் அனுப்பிய முதல் படத்தில் இருப்பது இவ்வளவுதான்: ‘9/4 வியாழன், 4.30–6. கண்டிப்பா வந்துடுங்க.’ அமெரிக்காவில் மாதத்தை முன்னால் எழுதுவார்கள், நாம் நாளை முன்னால் எழுதுவோம். ஆக இது செப்டம்பர் 4ஆகவும் இருக்கலாம், ஏப்ரல் 9ஆகவும் இருக்கலாம். கிழமையை வைத்துத் தீர்த்துவிடலாமே என்று காலண்டரைப் புரட்டினால், விதி சிரிக்கிறது. 2025 செப்டம்பர் 4 வியாழன். 2026 ஏப்ரல் 9உம் வியாழன்தான். இங்கேதான் சித்தப்பாவின் ‘ஆவணி 19’ வந்து நிற்கிறது. அது செப்டம்பர் 4. ஏப்ரல் 9 பங்குனியில் விழும். பங்குனியில் புதுமனை புகுவதில்லை என்பது நம் பக்கத்து வழக்கம். ‘இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?’ என்று கேட்கலாம். நீங்கள் பார்க்க வேண்டாம். கிரகப்பிரவேசம் வைப்பவர் பார்க்கிறார், அது போதும். ஒருவருடைய நம்பிக்கை நமக்கு உடன்பாடில்லாவிட்டாலும் அவருடைய நாளைக் கண்டுபிடிக்க உதவும்.

நேரமும் அப்படியே. 4.30–6 என்பது காலையா, மாலையா? பேசாமல் காலண்டரில் ஏற்றினால் மாலை என்று நினைத்து ஆறு மணிக்குள் போய்ச் சேரலாம். அதற்குள் பால் காய்ச்சி, பந்தி முடித்து, வாழை மரத்தையும் அவிழ்த்திருப்பார்கள். வியாழக்கிழமை எமகண்டம் காலை 6 முதல் 7.30 வரை. முகூர்த்தம் சரியாக ஆறுக்கு முடிகிறது என்றால், எமகண்டம் வருமுன் முடித்துக்கொள்ளும் விடிகாலை நேரம் அது என்பது புரிந்துவிடும். ராகு காலத்துக்கும் இதே பயன் உண்டு. திங்கட்கிழமை விசேஷம் ‘7.30க்கு’ என்று ஒருவர் மொட்டையாக எழுதியிருந்தால் அது பெரும்பாலும் சாயங்காலம்தான். திங்கள் காலை 7.30 முதல் 9 வரை ராகு காலம்.

இனி, கடைசி நேரத்தில் வந்து சேரும் இரண்டாவது படம். அதில் அத்தை எழுதியிருக்கிறார்: ‘நாளைக்கு சாயங்காலம் 6 மணிக்கு வாஸ்து சாந்தி.’ கீழே மணி மட்டும் இருக்கிறது, 2:34 பிஎம் என்று, தேதி இல்லை. வாட்ஸ்ஆப்பில் ஒவ்வொரு செய்தியின் அடியிலும் மணிதான் இருக்கும். தேதி அந்த நாளின் முதல் செய்திக்கு மேலே ஒரு சின்னப் பட்டையில் இருக்கும், வெட்டியவர் அதைத்தான் முதலில் வெட்டுவார். ஆனால் நம் ஆண்ட்ராய்டு போனில் அந்தப் படத்தின் பெயரைப் பார்த்தால் `IMG-20250903-WA0003` என்பது போல இருக்கும். அது படம் நம் போனுக்கு வந்த நாள். செய்தி அதற்குப் பிறகு எழுதப்பட்டிருக்க முடியாது என்பதுவரை நிச்சயம். இன்னொன்று, வாட்ஸ்ஆப் மணி பார்ப்பவரின் ஊர் மணி. நமக்கு நள்ளிரவில் வந்த படத்தில் பட்டப்பகல் 2.34 இருந்தால், படம் எடுத்தது நியூ ஜெர்சி போன். செப்டம்பரில் நாம் அவர்களைவிட ஒன்பதரை மணி முன்னால் இருக்கிறோம். ஆக அத்தை தாம்பரத்தில் அதை எழுதியது இரவு 12.04க்கு. கடிகாரப்படி புதன் பிறந்துவிட்டது, அதனால் நாளை என்றால் வியாழன். அத்தையோ இன்னும் படுக்கவில்லை. படுக்காத வரை அவருக்கு அது செவ்வாய்தான், நாளை என்றால் புதன். யார் சொல்வது சரி? வாஸ்து சாந்தியை கிரகப்பிரவேசத்துக்கு முந்தின சாயங்காலம் செய்வார்கள். வியாழன் விடிகாலையில் குடிபுகுந்த வீட்டுக்கு வியாழன் மாலை வாஸ்து சாந்தி செய்ய எந்த வாத்தியாரும் வரமாட்டார். அத்தைதான் சரி. புதன் மாலை 6.

விலாசம்தான் பெரிய கண்டம். ‘காந்தி தெரு, கேம்ப் ரோடு சிக்னல் தாண்டி லெஃப்ட்.’ 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆனது. பெயர் ஒன்றானதே தவிர, காந்தி, நேரு, பாரதி தெருக்கள் ஒன்றாகிவிடவில்லை. லெஃப்ட் என்பதும் தாம்பரத்திலிருந்து வருகிறவருக்கு ஒரு பக்கம், மேடவாக்கத்திலிருந்து வருகிறவருக்கு எதிர்ப்பக்கம். கூடவே அனுப்பியிருந்த லொகேஷன் ஸ்கிரீன்ஷாட்டில் வெறும் படமாகிவிட்டது, தொட்டால் எதுவும் திறக்காது. இதில் காப்பாற்றுவது பின்கோடின் கடைசி இரண்டு இலக்கம். 45 என்றால் தண்டவாளத்துக்கு மேற்கே வெஸ்ட் தாம்பரம், 59 என்றால் கிழக்கே ஈஸ்ட், 73 என்றால் சேலையூர். கேம்ப் ரோடு சேலையூரில் இருப்பதால் நம் படத்திலிருக்கும் 73 பொருந்துகிறது. 45 என்று இருந்தால் இரண்டில் ஒன்று பொய், ஆட்டோ பிடிக்குமுன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

‘இவ்வளவு துப்பறிவதற்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் என்ன?’ என்பது நியாயமான கேள்வி. கேட்கலாம்தான். ஆனால் ‘எப்போ, எங்கே?’ என்று கேட்டால் நான்காவதாக ஒரு விவரம் கிடைக்கும், அதோடு யாருக்கு இன்னும் பத்திரிகை போகவில்லை என்ற விவகாரமும் கிடைக்கும். படத்தைப் படித்து முடித்து, சந்தேகத்தை ஒரே கேள்வியாக்கிக் கேட்க வேண்டும்: ‘தாம்பரத்திலிருந்து வந்தால் லெஃப்ட்டா, மேடவாக்கத்திலிருந்து வந்தால் லெஃப்ட்டா?’ இதற்கு ஒரே பதில்தான் உண்டு. ‘படத்திலிருக்கும் எழுத்தைப் போனே எடுத்துக் கொடுக்கிறதே’ என்பவர்களுக்கும் பதில் உண்டு. எழுத்தை எடுத்துக் கொடுக்கும். அத்தை தூங்கினாரா இல்லையா என்பது எழுத்தில் இல்லையே. தப்பான தேதியைக்கூடக் காலண்டர் சரியான நேரத்தில் மணியடித்துச் சொல்லும், ஆபத்தே அதுதான்.

ஆகவே ஒரு விதி போதும்: ஒற்றைச் சாட்சியை நம்பி எதையும் காலண்டரில் ஏற்றாதீர்கள். தேதிக்குக் கிழமையோ தமிழ் மாதமோ துணை நிற்கட்டும், மணிக்குச் சடங்கின் வரிசை துணை நிற்கட்டும், தெருவுக்குப் பின்கோடு துணை நிற்கட்டும். இரண்டாம் சாட்சி கிடைக்காததைக் கேள்விக்குறியோடு ஏற்றுங்கள். நம் கிரகப்பிரவேசத்தில் புதன் மாலை 6 வாஸ்து சாந்தியும், வியாழன் விடிகாலை 4.30 கிரகப்பிரவேசமும், சேலையூரும் கேள்விக்குறி இல்லாமல் ஏறிவிட்டன. லெஃப்ட்டுக்கு மட்டும் இன்னும் இருக்கிறது. சித்தப்பாவைக் கேட்டால் அதையும் சொல்வார். கூடவே அந்த மனை வாங்கிய கதையையும் சொல்வார். அதையும் கேட்டுவையுங்கள், அதில்தான் கதவு எண் வரும்.