அரை ஆயுள் இரண்டு சேர்ந்தால் முழு ஆயுளா?

கேள்வி: கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. அப்படியானால் பத்தரை ஆண்டில் அது முழுதும் தீர்ந்துவிடுமே?
– வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: தீராது. உங்கள் ஊர் ஆறு கஜப் பட்டைப் பாதியாக வெட்டினால் மூன்று கஜம். அதையும் பாதியாக்கினால் ஒன்றரை கஜம் மிஞ்சுமே! இரண்டாவது வெட்டு விழுவது மீதியின்மேல்தான். கோபால்ட்டிலும் அப்போது கால் பங்கு இருக்கும்.

டெல்லி பல்கலைக்கழகம் 1968இல் வாங்கிய கோபால்ட் கருவி, 2010இல் பழைய இரும்பாக மாயாபுரிச் சந்தைக்குப் போனது. ஏறக்குறைய எட்டு அரை ஆயுள் கடந்து, 256இல் ஒரு பங்கே எஞ்சியிருந்தது. அந்தக் கதிர்வீச்சுக்கே ஒரு தொழிலாளி பலியானார். தொடக்கத்தில் இருந்த அளவு அவ்வளவு பெரிது. ஆகவே எத்தனை அரை ஆயுள் கடந்தது என்பதோடு, எவ்வளவில் தொடங்கியது என்றும் கேளுங்கள்.