‘என்னலே, அப்படியே இருக்க!’ – பழைய மாணவர் சந்திப்பில் முதல் வாக்கியம் குறித்த ஓர் ஆய்வு

பாளையங்கோட்டைத் திருமண மண்டபங்களில் பழைய மாணவர் சந்திப்பு நடக்கும்போது, வாசலில் முதல் பத்து வினாடிகளில் என்ன நிகழ்கிறது என்பதை அறிவுலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. கல்வெட்டு படிக்க ஆள் இருக்கிறது, சுவடி பதிப்பிக்க ஆள் இருக்கிறது. முடி கொட்டிப்போன பெஞ்சுத் தோழனை எப்படி வரவேற்பது என்று சொல்லத்தான் ஆளில்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்குகிறது. களம், பத்தாம் வகுப்பு முடித்து முப்பது ஆண்டு கழித்துக் கூடிய கூட்டம். ஆய்வு முறை, காபி டம்ளரோடு தூணோரம் நிற்பது.

நுழைகிறவன்மேல் நண்பனின் கண் எப்போதும் ஒரே வழியில்தான் இறங்குகிறது: தலைமுடி, தொந்தி, கையிலிருக்கும் செல்போன், காலிலிருக்கும் செருப்பு. அது இறங்கி முடிப்பதற்குள் வாய் திறந்துவிடுவதால்தான் எல்லா வினையும். ஒரு நிகழ்வைப் பார்ப்போம். ஆய்வு மரபுப்படி இவர்களை க, ங, ச என்றே குறிப்போம்.

க உள்ளே வருகிறார். பக்கத்தில் ஏற்கெனவே ங நிற்கிறார். ச ஓடிவந்து கவின் கையைப் பிடித்து, “என்னலே, அப்படியே இருக்க!” என்கிறார். இதைவிட நல்ல வார்த்தை உண்டா என்று தோன்றும். ஆனால் சொன்னது ஒருவரிடம், கேட்டது இருவர். ஙவின் கை தானாகத் தன் உச்சந்தலைக்குப் போகிறது. இதைப் பார்த்துவிட்ட ச, ஈடுகட்ட நினைத்து, “நீயும் மாறவே இல்லல” என்கிறார். கண்ணெதிரே நிற்கும் வழுக்கை அதை மறுக்கிறது. க அடக்கத்தோடு, “எல்லாம் டைதாம்ல” என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார். அந்நேரம் பார்த்து நான்காமவர் ஒருவர் வந்து, ஙவை மேலும் கீழும் பார்த்து, “சுகரா?” என்று கேட்டு ஆய்வை நிறைவு செய்கிறார்.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒப்பீடு உள்ளே நுழைந்துவிட்டதா என்பதை முகம் காட்டாது, முகம் சிரித்துக்கொண்டே இருக்கும். கையைப் பார்க்க வேண்டும். தலையைத் தடவும், சட்டையை இழுத்துவிடும், பட்டன் போனைப் பைக்குள் தள்ளும்.

‘லே’ யார் முதலில் போடுவது என்பது அடுத்த சிக்கல். ஆட்டோ ஓட்டுபவர் பெரிய அதிகாரியாகிவிட்ட வகுப்புத் தோழனைக் கண்டதும் ‘சார்’ என்று ஆரம்பித்துவிட்டால், அன்று மாலைவரை அந்தச் சாரை யாராலும் இறக்க முடியாது. இதற்குப் பாரதத்திலேயே சான்று உண்டு. துரோணர் ஏழையாகப் போய், உடன் பயின்ற துருபதனை ‘நண்பா’ என்று அழைத்தார். அரசனுக்கும் ஏழைக்கும் நட்பா என்று அவன் கேட்டதன் விலை பாதி ராஜ்ஜியம். குசேலர் வந்தபோது கண்ணன் தானே எழுந்து போய்த் தழுவிக்கொண்டான். அவருடைய கந்தலைப் பற்றிப் பேச்சே இல்லை. குருவின் மனைவிக்காகக் காட்டுக்கு விறகெடுக்கப் போய் இருவரும் மழையில் மாட்டிக்கொண்டதைத்தான் பேசினான் என்கிறது பாகவதம். ஆகவே உயர்ந்தவன் முதலில் பேச வேண்டும், சேர்ந்து பட்ட கஷ்டத்தைப் பேச வேண்டும். நம் களத்தில் விறகுக்குப் பதில் கணக்கு வாத்தியார் பிரம்பு. “நம்ம ரெண்டு பேரும் ஒண்ணா முட்டி போட்டோமே” என்று ஆரம்பித்தவர்களிடையே எந்தக் கையும் எந்தத் தலைக்கும் போகவில்லை.

கண்ணின் இறக்கத்தைத் தடுக்கவும் வழியுண்டு. எதிரே நின்று கைகுலுக்கினால் பார்த்துத்தான் ஆக வேண்டும். தோளில் கைபோட்டுக் காபி இருக்கும் பக்கம் நடத்திக்கொண்டு போனால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பார்கள். செருப்பு தப்பித்துவிடும்.

“பையன் என்ன பண்றான்?” என்பது பிள்ளை வழியாக நடக்கும் ஒப்பீடு, விளக்கம் தேவையில்லை. ஊர்ப் பொதுவான செய்தி பாதுகாப்பானது என்று சிலர் வாதிடுகிறார்கள். சோதித்தோம். தாமிரபரணியில் 2023 டிசம்பரில் வந்த வெள்ளத்தைப் பற்றி ஒருவர் ஆரம்பித்தார். “எங்க வீட்ல முழங்கால் அளவு” என்றார் ஒருவர். “எங்க வீட்ல இடுப்பளவு” என்றார் இன்னொருவர், சற்றுப் பெருமையாக. “நாங்க மாடில இருந்தோம், தெரியல” என்றார் மூன்றாமவர். மாடி இருப்பது இப்படித்தான் அவைக்குத் தெரியவந்தது. வெள்ளத்தை நாம் பரிந்துரைக்கவில்லை.

இவ்வளவு கவனமாக இருந்தும் காரியம் கெடுவது சட்டையில் குத்தும் அட்டையால். பெயர் சிறிய எழுத்தில், பதவி பெரிய எழுத்தில், அதன்கீழ் ஊர். கண் தலைமுடிக்குக்கூடப் போவதில்லை, நேரே அங்கே போய் நிற்கிறது. சந்திப்பு நடத்தும் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அட்டையில் பெயர், பிரிவு, உட்கார்ந்த பெஞ்சு, இவை மட்டும் போதும். பட்டப்பெயரை, உரியவரைக் கேட்டுவிட்டு அச்சடியுங்கள்.