லெமன் சாதமும் லீவு லெட்டரும்

ஒரகடம் பக்கத்துக் கம்பெனி கேன்டீனில் சமையல்காரனுக்கு லீவு கேட்கச் செல்லுபடியாகும் காரணங்கள் நான்கு: காய்ச்சல், கல்யாணம், காரியம், வல்லக்கோட்டை முருகனுக்குக் கிருத்திகை. நானோ "பரீட்சைக்குப் படிக்க மூன்று நாள் விடுப்பு வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தேன். ஹெட் செஃப் தாளைத் திருப்பி, உண்மைக் காரணம் பின்பக்கம் இருக்கிறதா என்று பார்த்தார்.

"என்ன பரீட்சை?"

"ஃபாஸ்டாக், செஃப்."

"அது ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட்டுக்காக கார் கண்ணாடியில ஒட்டுறதுல்ல?"

உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடத்தும் பயிற்சி அது என்று விளக்கினேன். உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவராவது அதில் தேறிய மேற்பார்வையாளராக இருக்க வேண்டும். எங்கள் சமையலறையில் அந்த ஒருவர் வேலையை விட்டுப் போனதால் கான்ட்ராக்டர் என் பெயரைக் கொடுத்திருந்தார்.

"ஒரு நாள் கிளாஸ். சாயங்காலம் டிக் அடிக்கிற பரீட்சை. அதுக்கு மூணு நாளா?"

அதற்குப் பதிலாகத்தான் இரண்டாவது கடிதம் எழுதினேன். அதிலிருந்து:

"மதிப்பிற்குரிய செஃப் அவர்களுக்கு, பாடத்தைப் படிக்க எனக்கு ஒரு நாள் போதும். உங்களிடம் கற்றதை மறக்கத்தான் மீதி இரண்டு நாள். உதாரணம், நம் லெமன் சாதம். செகண்ட் ஷிஃப்டுக்கு வடித்ததில் மிஞ்சுவதை அண்டாவோடு மூடி வைக்கிறோம். விடியற்காலையில் நடுவில் கையை விட்டால் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. 'கெடல பாரு, சூடு அப்படியே இருக்கு' என்பீர்கள். பாடப்படி அந்தச் சூடுதான் வினை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமி உண்டு. சாதம் கொதிக்கும்போது அது விதை மாதிரி ஒடுங்கிப் பிழைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பு வந்ததும் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது, எலுமிச்சை பிழிந்தாலும் போகாது. வாசனையிலும் ருசியிலும் தெரியாது. சாப்பிட்டவர் சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கும்போதுதான் தெரியும், அதுவும் லைனில் நின்றுகொண்டு.

"ஆகவே மிஞ்சிய சாதத்தை வைத்துக்கொள்வதென்றால் ஆழமில்லாத ட்ரேக்களில் பரப்பி, 60 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5-க்கு அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள்ளும் இறக்கிவிட வேண்டும். அண்டாவில் இருந்தால் ஓரம்தான் ஆறும், நடு ஆறாது. ட்ரேக்கும் ஃப்ரிட்ஜுக்கும் வழியில்லை என்றால் கொட்டிவிட வேண்டும். தேர்வில் இதைக் கேட்டால் என் கை தானாக 'தாளித்து லெமன் சாதம் செய்யலாம்' என்பதற்கு டிக் அடித்துவிடும். எனவே விடுப்பு தந்து உதவ வேண்டுகிறேன்."

கூடவே ஒரு வரி சேர்த்திருந்தேன்: 2021 டிசம்பரில் இந்தப் பக்கத்து ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனதும், மற்றவர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததும் நினைவிருக்கும் என்று. செஃப் அந்த வரியில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "நம்மகிட்டதான் தெர்மாமீட்டர் இருக்கே, ரெஜிஸ்டர் இருக்கே" என்றார்.

இருந்தன. ரெஜிஸ்டரில் பேன் மேரியின் சூடு வேளை தவறாமல் 65 என்று ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தது. நாளைய மதியத்துக்கும் எழுதியிருந்தது. சூடான சாப்பாடு பரிமாறும்வரை 60-க்கு மேல் இருக்க வேண்டும் என்பதால் 65 கௌரவமான எண். தெர்மாமீட்டரைச் சோதிக்கும் வழியும் பாடத்தில் உண்டு. ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், அது மூழ்குமளவு தண்ணீர். கலக்கிவிட்டு, முனை டம்ளரில் படாமல் நடுவில் பிடித்து, எண் நிலைக்கும்வரை பொறுக்க வேண்டும். 0 காட்டினால் நல்ல கருவி. எங்களுடையது 7 காட்டியது.

செஃப் ஐஸைச் சந்தேகப்பட்டார். "ஐஸ் பொய் சொல்லாது செஃப்" என்றேன். மேலேயும் அதே 7 கூடுதலாகக் காட்டுகிறதென்றால், 65 என்று எழுதியதெல்லாம் உண்மையில் 58. அதாவது நாங்கள் சாம்பாரைச் சூடாக வைத்திருக்கவில்லை. பாடம் கிழித்த கோட்டுக்குக் கீழே வைத்திருந்தோம். நாளைய மதியத்துச் சூட்டை இன்றே அளந்தவர் யார் என்ற கேள்வியை நான் எழுப்பவில்லை. லீவு கேட்கப் போன இடத்தில் எதற்கு வம்பு?

இரண்டு நாள் கிடைத்தது. மூன்றாவது நாள் புதன்கிழமை, பிரியாணி நாள் என்பதால் மறுத்துவிட்டார். தெர்மாமீட்டரை மாற்றச் சொல்லி ஸ்டோருக்குச் சீட்டு அனுப்பினார். மிஞ்சிய சாதத்துக்கு மட்டும் இன்னும் மனம் வரவில்லை.

கம்பெனி கேன்டீனில் சாப்பிடும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். காலையில் லெமன் சாதம் வந்தால், சாதம் எப்போது வடித்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பரிமாறுபவர் செஃப்பைத் திரும்பிப் பார்த்தால், இட்லிக்குப் போய்விடுங்கள்.