"ஒண்ணுமே படிக்கலடி"

அன்புள்ள யாழு,

அலாட்மென்ட் வந்த கையோடு உன்னை வாட்ஸ்அப் க்ரூப்பில் சேர்த்துவிட்டார்களாம், ராத்திரி முழுக்க போன் கத்திக்கொண்டே இருக்கிறதாம். சித்தி போனில் சொன்னாங்க. "பிள்ளைங்க இப்பவே எவ்வளவு ஒத்துமையா பேசிக்குதுங்க" என்று அவங்களுக்கு ஒரே பூரிப்பு. அந்தப் பூரிப்பு அப்படியே இருக்கட்டும், நீ இந்தக் கடிதத்தை அவங்களுக்குக் காட்டாதே.

எந்த வகுப்பானாலும் க்ரூப் இரண்டு. ஒன்றில் கிளாஸ் அட்வைசர் மேடம் இருப்பார். இன்னொன்றின் பெயரிலேயே 'வித்தவுட் ஸ்டாஃப்' என்று இருக்கும். முதல் க்ரூப்பில் புழங்குகிற மொழி மிகச் சிறியது: "ஓகே மேம்", "தேங்க் யூ மேம்", "நோட்டட் மேம்". நோட்டட் என்றதும் யாரோ நோட்டில் குறித்துக்கொண்டதாக நினைத்துவிடாதே. முதலில் ஒருத்தி போடுவாள், அவளைப் பார்த்து அடுத்தவள், அப்படியே அறுபது பேரும். பத்து நிமிஷம் கழித்து இரண்டாவது க்ரூப்பைத் திறந்து பார். முதல் ஆளாக நோட்டட் போட்டவளே அங்கே வந்து, "மேம் என்னடி சொன்னாங்க, யாராச்சும் சுருக்கமா சொல்லுங்களேன்" என்று கேட்டிருப்பாள்.

ப்ளூ டிக்கை அணைத்துவிட்டேன், நான் படித்தது யாருக்கும் தெரியாது என்று நீ கெத்தாக இருக்கலாம். அந்த செட்டிங் தனி சாட்டில்தான் வேலை செய்யும், க்ரூப்பில் செல்லாது. மேடம் தான் போட்ட மெசேஜை அழுத்திப் பிடித்து இன்ஃபோவைப் பார்த்தால், யார் யார் எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்று பட்டியலே வந்துவிடும். அதனால் "மெசேஜே பாக்கல மேம்" என்ற வசனத்தை எங்கள் ஹாஸ்டல் மாடியில் இப்போது யாரும் சொல்வதில்லை. விவரமானவர்கள் க்ரூப்பைத் திறக்காமல் நோட்டிஃபிகேஷனை மட்டும் இழுத்துப் படித்துக்கொள்வார்கள். அதற்கு டிக் விழாது.

"திஸ் மெசேஜ் வாஸ் டெலீட்டட்" என்று வந்தால் உடனே இரண்டாவது க்ரூப்புக்கு ஓடு. அங்கே ஸ்க்ரீன்ஷாட் உனக்காகக் காத்திருக்கும். எங்கள் விங்கில் ஒருத்தி, மேடத்தைக் கிண்டல் பண்ணுகிற ஸ்டிக்கரை மேடம் இருக்கும் க்ரூப்பிலேயே போட்டுவிட்டாள். பதற்றத்தில் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' என்பதற்குப் பதில் 'டெலீட் ஃபார் மீ' அழுத்திவிட்டாள். அவள் போனில் ஸ்டிக்கர் போய்விட்டது, மற்ற எல்லார் போனிலும் அது சிரித்துக்கொண்டு இருந்தது. அப்படி அழுத்திய சில நொடிக்குள் கீழே 'அன்டூ' என்று வரும், அதைத் தொட்டால் மெசேஜ் திரும்பி வரும், பிறகு எல்லாருக்குமாக அழிக்கலாம். அவளோ அந்த நொடிகளில் போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்துக்கொண்டிருந்தாள்.

இனி முக்கியமான பாடம். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி பதினோரு மணி வாக்கில் "ஒண்ணுமே படிக்கலடி" என்று ஒரு மெசேஜ் வரும். அதற்குப் பொருள் ஆளைப் பொறுத்தது. முதல் பெஞ்ச்காரி போட்டால், மூன்றாவது தடவை ரிவிஷனை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று பொருள். நடு பெஞ்ச்காரி போட்டால், எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டாள், துணைக்கு ஆள் தேடுகிறாள். உண்மையிலேயே படிக்காதவள் இந்த மெசேஜைப் போடவே மாட்டாள். அவள் கேட்பது, "நாளைக்கு என்ன சப்ஜெக்ட்?"

இதைத் தொடர்ந்து வருவதுதான் ஆபத்தானது: "யூனிட் 1, 2 மட்டும் பாருங்க, பாஸ் கன்ஃபார்ம்." யாழு, இதை நம்புவதற்கு முன் பேனாவை எடுத்துக் கணக்குப் போடு. எங்களுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன். நூறு மார்க் பேப்பர், ஐந்து யூனிட். பார்ட் ஏ-வில் பத்து இரண்டு மார்க் கேள்வி, யூனிட்டுக்கு இரண்டு. பார்ட் பி-யில் ஐந்து பதிமூன்று மார்க் கேள்வி, யூனிட்டுக்கு ஒன்று. அதில் சாய்ஸ் உண்டு, ஆனால் 'இது அல்லது அது' என்று இரண்டும் பெரும்பாலும் அதே யூனிட்டிலிருந்துதான் வரும். ஒரு யூனிட்டை விட்டுவிட்டு இன்னொன்றில் இரண்டு எழுதித் தப்பிக்க முடியாது. பார்ட் சி-யில் பதினைந்து மார்க்குக்கு ஒரே ஒரு கேள்வி.

இரண்டு யூனிட்டை மட்டும் கரைத்துக் குடித்துவிட்டுப் போகிறாய் என்று வை. பார்ட் ஏ-வில் 8, பார்ட் பி-யில் 26, ஆக 34. செமஸ்டர் பேப்பரில் மட்டும் குறைந்தது 45 வாங்க வேண்டும். இன்டர்னலில் அள்ளிக் குவித்திருந்தாலும் இந்த 45-க்கு விலக்கு இல்லை. பார்ட் சி கேள்வி நீ படித்த யூனிட்டிலேயே விழுந்து, அதையும் ஒரு குறையும் இல்லாமல் எழுதினால் 49. அதாவது பேப்பர் முழுக்க நாலு மார்க்தான் நீ கோட்டைவிடலாம். திருத்துபவர் உன் கையெழுத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாலே அந்த நாலு போய்விடும். 'பாஸ் கன்ஃபார்ம்' என்று போட்டவளுக்கு மற்ற மூன்று யூனிட்டும் ஏற்கெனவே தெரியும், அதைச் சொல்ல மறந்துவிட்டாள், அவ்வளவுதான். உன் பேட்சுக்குப் பேட்டர்ன் மாறியிருக்கலாம். சேர்ந்த முதல் வாரமே பழைய கேள்வித்தாள் ஒன்றை சீனியரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்.

"நாளைக்கு மாஸ் பங்க்" என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் க்ரூப்பில் 'போல்' ஒன்று போடுவார்கள். அதில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே 'நோ'வுக்கு ஓட்டே விழாது. அந்த நூறு சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதே, கீழே வருகிற பதில்களைப் படி. "எனக்கு ஓகே, மத்தவங்க?" என்றால் கிளாசுக்கு வருவாள். "எல்லாரும் போகலைன்னா நானும் போகல" என்றால் கண்டிப்பாக வருவாள். வெறும் நெருப்பு எமோஜி போட்டவள் எட்டரைக்கே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அட்டெண்டன்ஸ் 75-க்குக் கீழே போனால் மெடிக்கல் சர்ட்டிஃபிகேட்டோடு அலைய வேண்டும், 65-க்கும் கீழே போனால் அதுவும் உதவாது, பரீட்சையே எழுத முடியாது. அவள் எந்தப் படியில் நிற்கிறாளோ! காலையில் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். விங்கில் எத்தனை பேர் பக்கெட்டோடு பாத்ரூம் வரிசையில் நிற்கிறார்கள் என்று எட்டிப்பார். வரிசை நீளமாக இருந்தால் நீயும் பக்கெட்டை எடு.

மெஸ் க்ரூப்புக்கு அகராதி தேவையில்லை. "இன்னைக்கு என்ன?" என்று கேட்டால் "அதே" என்று வரும்.

கடைசியாக, "நீ போட்டுடு, நான் ஜிபே பண்ணிடறேன்." ராத்திரி பரோட்டா ஆர்டர் பண்ணும்போது வருவது. இதில் 'நீ போட்டுடு' மட்டும்தான் இன்றைக்கு நடக்கும். "எல்லாரும் அனுப்புங்கப்பா" என்று பொதுவாகப் போட்டால் எல்லாரும் கை கூப்புகிற எமோஜி அனுப்புவார்கள். பெயர் போட்டு, ஆளுக்கு எவ்வளவு என்று ரூபாயும் போட்டு, பரோட்டா பொட்டலம் உன் கையில் இருக்கும்போதே அனுப்பு. பணம் வந்த சத்தம் கேட்ட பிறகு சால்னாவைப் பிரி.

சித்தப்பாவிடம் பக்கெட் இரண்டு வாங்கச் சொல். ஒன்று எப்படியும் காணாமல் போகும், "என் பக்கெட் யாராச்சும் பாத்தீங்களா?" என்று நீயும் க்ரூப்பில் போடுவாய். பதில் வராது, முப்பது பேர் படித்திருப்பார்கள், அதில் ஒருத்தி அதே பக்கெட்டில் துணி ஊற வைத்திருப்பாள். இன்ஃபோவைப் பார்த்து, முதலில் படித்தவள் ரூமிலிருந்து தேட ஆரம்பி.

அன்புடன்,
அக்கா